லோட் செல், HX711, படிக்கல்: தராசு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வீட்டுச் சமையலறைக்கோ பாடசாலைச் செயற்திட்டத்துக்கோ சிறு தராசு கட்டுபவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் எல்லோரும் ஒரே பொருள்களைத்தான் வாங்குகிறார்கள்: 10 கிலோ தாங்கும் அலுமினியப் பட்டை லோட் செல், HX711 சிப் பொருத்திய சிறு பலகை, ஓர் ஆர்டுயினோ. ஆகவே பதில்களும் அந்தத் தராசையே மனதில் வைத்து எழுதப்பட்டவை.

லோட் செல்லை நேரடியாக ஆர்டுயினோவின் அனலொக் பின்னில் கொடுத்தால் ஏன் ஒன்றும் அசைவதில்லை?

அசைகிறது, ஆனால் ஆர்டுயினோவின் கண்ணுக்குத் தெரியாத அளவில். பட்டையின் நடுவே குடையப்பட்ட துளைக்கு மேலும் கீழும் நான்கு மெல்லிய தடைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சுமை ஏறும்போது இரண்டு நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. இந்த நான்கும் சேர்ந்து ஒரு பாலமாக இணைக்கப்பட்டுள்ளதால் பாலத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு சின்ன மின்னழுத்த வேறுபாடு பிறக்கிறது.

எவ்வளவு சின்னது? மலிவான பட்டைகளின் தரவில் பொதுவாக 1 mV/V என்று இருக்கும். அதாவது பாலத்துக்கு ஒரு வோல்ட் கொடுத்தால், முழுச்சுமையான 10 கிலோவிலும் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்தான். வழக்கமான HX711 பலகை பாலத்துக்குக் கொடுப்பது ஏறத்தாழ 4.3 வோல்ட். எனவே 10 கிலோவுக்கு 4.3 மில்லிவோல்ட், ஒரு கிராமுக்கு அரை மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ஆர்டுயினோ ஊனோவின் உள்ளே இருக்கும் மாற்றி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய படியே ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். பத்துக் கிலோ முழுவதும் அந்த ஒரு படிக்குள் அடங்கிவிடுகிறது.

HX711 அந்த மின்னழுத்தத்தை முதலில் 128 மடங்காகப் பெருக்குகிறது. பிறகு அதை 24 பிட் எண்ணாக மாற்றி, இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. இரண்டு வேலையும் ஒரே சிப்புக்குள் நடப்பதால், மில்லிவோல்ட்டுகளை நீண்ட கம்பியில் இழுத்துச் செல்ல வேண்டியதில்லை.

நான்கு கம்பியின் நிறமும் படத்தில் உள்ளது போல இல்லை. எது எங்கே?

HX711 பலகையில் E என்பது பாலத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சோடி, A என்பது பாலத்திலிருந்து மின்னழுத்தம் வரும் சோடி. சிவப்பு E+, கறுப்பு E−, பச்சை A+, வெள்ளை A− என்பதுதான் அதிகம் காணப்படும் ஒழுங்கு. ஆனால் நிறத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை, மல்டிமீற்றர் போதும். எந்த மின்சாரமும் கொடுக்காமல், கம்பிகளை இரண்டிரண்டாக எடுத்துத் தடையை அளந்துபாருங்கள். ஆறு சோடிகள் கிடைக்கும். அவற்றில் நான்கு சோடிகள் ஏறத்தாழ ஒரே குறைந்த மதிப்பைக் காட்டும், இரண்டு சோடிகள் அதைவிட அதிகமாகக் காட்டும். 1000 ஓம் பாலம் என்றால் 750 ஓமும் 1000 ஓமும் வரும். அதிகத் தடை காட்டும் அந்த இரண்டு சோடிகளே பாலத்தின் எதிரெதிர் முனைகள். ஒன்று E சோடி, மற்றது A சோடி.

எதை E ஆகக் கொள்வது என்று குழம்பினால், சற்றுக் கூடுதல் தடை காட்டும் சோடியை E ஆக எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் ஈடுசெய்யும் தடை ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஒரு சோடிக்குள் இரண்டு கம்பி இடம் மாறினால் பயப்பட ஒன்றுமில்லை. சுமை ஏறும்போது எண் இறங்கும். A+, A− இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் சரியாகிவிடும்.

திரையில் வரும் எண் ஆறு இலக்கம், அல்லது எப்போதும் ஒரே எண். எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எந்தக் கணக்கும் போடாத மூல எண்ணைப் பாருங்கள். இவ்வளவு போதும்:

```cpp
#include "HX711.h"
HX711 scale;

void setup() {
  Serial.begin(9600);
  scale.begin(3, 2);   // DT, SCK
}

void loop() {
  Serial.println(scale.read_average(20));
}
```

தட்டு வெறுமையாக இருக்கும்போதும் பல்லாயிரம் அல்லது சில இலட்சம் என்று எண் வருவது இயல்பு. நான்கு தடைகளும் மிகச் சரியாகச் சமமாக இருப்பதில்லை, தட்டின் பாரமும் சேர்கிறது. விரலால் அழுத்தினால் எண் ஏற வேண்டும், விட்டால் பழைய இடத்துக்கு அருகில் திரும்ப வேண்டும். அது நடந்தால் மின்சுற்று சரி.

8388607 என்ற எண்ணிலேயே நின்றால் உள்ளீடு எல்லையைத் தாண்டிவிட்டது. அநேகமாக A கம்பிகளில் ஒன்று விடுபட்டிருக்கும் அல்லது E, A சோடிகள் கலந்திருக்கும். எப்போதும் 0 வந்தால் DT கம்பியையும் பலகைக்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள். எதுவுமே அச்சாகாமல் நின்றால், சிப் தயாராகும் வரை நிரல் காத்துக்கொண்டிருக்கிறது. அங்கும் குற்றவாளி கம்பிதான்.

அண்ணா, வலைத்தளத்தில் ஒருவருடைய calibration factor 420 என்று இருக்கிறது. என்னுடையது 213. என்னுடையது பிழையா?

இல்லை. ஒரு கிராமுக்கு மூல எண் எவ்வளவு ஏறுகிறது என்பதே அந்த எண், அது ஒவ்வொரு பட்டைக்கும் வேறு. ஆனால் நல்ல செய்தி என்னவென்றால், படிக்கல்லைத் தொடும் முன்பே உங்கள் எண் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கணக்கிட முடியும். பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் தாண்டிவிடுகிறார்கள். பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

HX711 பாலத்துக்குக் கொடுக்கும் அதே மின்னழுத்தத்தையே தன் அளவுகோலாகவும் வைத்துக்கொள்கிறது. அது 4.3 வோல்ட்டாக இருந்தாலும் 3 வோல்ட்டாக இருந்தாலும், மேலேயும் கீழேயும் ஒன்றாக மாறி அடிபட்டுப் போகிறது. அதனால் கணக்கில் வோல்ட்டே வருவதில்லை:

```
முழுச்சுமை எண்ணிக்கை = 2 × 128 × (mV/V ÷ 1000) × 8388608
1 mV/V எனில்          = 2147484
10 கிலோ பட்டைக்கு      = 2147484 ÷ 10000 = 214.7 (ஒரு கிராமுக்கு)
```

5 கிலோ பட்டைக்கு இதே கணக்கு 429.5 தருகிறது. 420 என்று எழுதியவர் 5 கிலோ பட்டை வைத்திருந்தார் என்று ஊகிக்கலாம். 20 கிலோவுக்கு 107.4. மலிவான பட்டைகளில் 1 mV/V என்பது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கூடக் குறைய இருக்கலாம். ஆகவே உங்களுக்கு 185க்கும் 245க்கும் இடையில் எதுவும் வரலாம். 213 மிக நல்ல எண்.

இந்த எல்லைக்கு வெளியே போனால்தான் யோசிக்க வேண்டும். 107 வந்தால் பெருக்கம் 64 ஆக அமைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கடைக்காரர் 20 கிலோ பட்டையைத் தந்திருக்கலாம். 150, 170 என்று விசித்திரமாக வந்தால் மின்சுற்றை விட்டுவிட்டுப் பொறிமுறையைப் பாருங்கள்: சுமையின் ஒரு பகுதி பட்டை வழியாகப் போகாமல் வேறெங்கோ தாங்கப்படுகிறது.

படிக்கல் எதை வைப்பது? புறக்கோட்டையில் வாங்கிய இரும்புக்கல் போதுமா? ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோதானே?

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். கொழும்பின் அறை வெப்பத்தில், 30 பாகை அளவில், ஒரு லீற்றர் தண்ணீர் தராசில் ஏறத்தாழ 995 கிராம்தான் காட்டும். இந்த 5 கிராம் கூடப் பெரிய சிக்கல் இல்லை. சமையலறை அளவுச் சாடியின் கோடு இதைவிட அதிகம் தவறலாம் என்பதே சிக்கல். தண்ணீரை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: ஒரு போத்தலை நிரப்பி இறுக மூடி, முத்திரை குத்தப்பட்ட நல்ல இலத்திரனியல் தராசு உள்ள கடையில் நிறுத்து, அந்த நிறையைப் போத்தலிலேயே எழுதிவையுங்கள். கடைத் தராசு 5 கிராம் படியில் காட்டினால், உங்கள் போத்தலின் நிறையும் இரண்டரைக் கிராம் வரை சந்தேகத்துக்குரியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரும்புக்கல் நல்ல தெரிவு. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பு படிக்கற்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. எம்1 வகுப்பில் 5 கிலோ கல் கால் கிராமுக்கு மேல் தவறக்கூடாது. எம்3 வகுப்பில் அதே கல் இரண்டரைக் கிராம் வரை தவறலாம். இரண்டு கிலோ கல்லுக்கு இதே எல்லைகள் 0.1 கிராமும் 1 கிராமும். வகுப்பு எழுதப்படாத, துரு ஏறிய பழைய கல்லை எம்3 என்று எடுத்துக்கொள்வதே பெருந்தன்மை. உங்கள் தராசு உங்கள் கல்லைவிடச் சரியாக இருக்கவே முடியாது. ஆகவே முதலில் கல்லைப் பாருங்கள், பிறகு எத்தனை தசம இலக்கம் காட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

தொலைபேசி, சீனிப் பொதி, நாணயம் போன்றவற்றை வைத்து அளவுதிருத்தம் செய்வது பற்றியும் கேட்கிறார்கள். கம்பி சரியா என்று பார்க்க அவை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அளவுதிருத்தத்தை ஓர் உதாரணத்தோடு படிப்படியாகச் சொல்ல முடியுமா?

10 கிலோ பட்டை, ஒரு 2 கிலோ கல், ஒரு 5 கிலோ கல். தராசை இயக்கிப் பதினைந்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். பாலத்தின் ஊடாக ஓடும் மின்னோட்டம் பட்டையைச் சிறிது சூடாக்குகிறது; அந்தச் சூடு நிலைபெறும் வரை வெற்றுத்தட்டு எண் மெதுவாக நகரும். பிறகு 5 கிலோ கல்லை மூன்று நான்கு தடவை வைத்து எடுங்கள். புதிதாக இறுக்கிய திருகாணிகள் தம் இடத்தில் அமர இது வேண்டும்.

இப்போது வெற்றுத்தட்டின் மூல எண் 84210 என்று வருகிறது. 2 கிலோ கல்லை நடுவில் வைத்தால் 510150. வித்தியாசம் 425940. அதை 2000ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 212.97. நாம் எதிர்பார்த்த 214.7க்கு மிக அருகில் இருக்கிறது, நிம்மதி.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் தெரிவது ஒன்றே ஒன்று: 2 கிலோ கல்லை வைத்தால் தராசு 2 கிலோ என்று சொல்லும். அதைச் சொல்லும்படி நாமே செய்துவிட்ட பிறகு அதில் வியப்பில்லை. கணக்கில் பங்கெடுக்காத ஒரு கல் சாட்சியாக வர வேண்டும். 5 கிலோ கல்லை வைக்கிறோம், எண் 1148720. வித்தியாசம் 1064510. அதை 212.97ஆல் வகுத்தால் 4998.4 கிராம். ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேலாகக் குறைகிறது.

இதே வேலையைத் தலைகீழாகச் செய்துபாருங்கள். 5 கிலோவை அடிப்படையாக எடுத்தால் கிராமுக்கு 212.90; இப்போது 2 கிலோ கல் 2000.6 கிராம் காட்டும். பெரிய கல்லால் திருத்தும்போது அதே பிழை கீழே சுருங்கி வருகிறது, சின்னக் கல்லால் திருத்தும்போது மேலே பெருகிப் போகிறது. அதனால் அடிக்கடி நிறுக்கப்போகும் மிகப் பெரிய நிறைக்கு அருகிலுள்ள கல்லையே அடிப்படையாக எடுங்கள். நிரலில் வருவது இதுதான்:

```cpp
scale.set_scale(212.9);
scale.tare();
// பிறகு
Serial.println(scale.get_units(20), 0);
```

அந்த ஒன்றரைக் கிராம் வித்தியாசம் பட்டையின் குறையா, கல்லின் குறையா?

மேலே சொன்ன இரு கற்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எம்3 அளவுக் கற்கள் என்றால் இரண்டும் சேர்ந்து அந்த வித்தியாசத்தைத் தாமாகவே உண்டாக்கக்கூடும். பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு, அதற்குக் கல்லின் உண்மையான நிறை தெரிய வேண்டியதே இல்லை.

ஏறத்தாழச் சமமான இரண்டு பொருள்களை எடுங்கள், நிரப்பி மூடிய இரண்டு போத்தல்கள் கூடப் போதும். முதலாவதைத் தனியாக நிறுங்கள், இரண்டாவதைத் தனியாக நிறுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து நிறுங்கள். தனித்தனி எண்களின் கூட்டுத்தொகையும் சேர்த்து நிறுத்த எண்ணும் பொருந்தினால், அந்த எல்லைக்குள் பட்டை நேராக நடந்துகொள்கிறது, குறை கல்லில். பொருந்தாவிட்டால் கல்லைக் குறை சொல்லக்கூடாது, பட்டையோ அது பொருத்தப்பட்ட விதமோ காரணம்.

சுமையை எடுத்த பிறகு பூச்சியத்துக்கு வருவதில்லை. 3 கிராம், சில நேரம் 8 கிராம் நிற்கிறது.

எனக்கு வரும் கேள்விகளில் அரைவாசிக்கு மேல் கடைசியில் இங்கேதான் வந்து முடிகின்றன. நிரலைத் திருத்த உட்காராதீர்கள், ஸ்பானரை எடுங்கள்.

பட்டையின் ஒரு முனை அடித்தளத்தோடும் மறுமுனை தட்டோடும் மட்டுமே தொட வேண்டும். நடுப்பகுதி வளைவதற்கு மேலும் கீழும் இடைவெளி வேண்டும். வாசர் வைக்காமல் பட்டையை நேரடியாகப் பலகையில் இறுக்கினால், சுமை ஏறும்போது அது பலகையில் உராய்கிறது. எடுக்கும்போது உராய்வு அதை முழுதாகத் திரும்ப விடுவதில்லை. கம்பி தட்டில் இழுபட்டாலும் இதே நோய்தான். தட்டின் விளிம்பு பெட்டியின் ஓரத்தைத் தொட்டாலும் இதே நோய். பட்டையில் உள்ள அம்புக்குறி சுமை இறங்கும் திசையைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

எங்கே தொடுகிறது என்பதை எண்களே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கிலோவாக ஏற்றி எண்ணை எழுதுங்கள், பிறகு ஒவ்வொன்றாக இறக்கி எழுதுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சுமைக்கு வேறு வேறு எண் வந்தால் உராய்வு. நான்கு கிலோ வரை சரியாகப் போய் அதற்கு மேல் எண் குறைவாக ஏறினால், அந்த நான்கு கிலோவில் ஏதோ ஒன்று தட்டைத் தொடத் தொடங்குகிறது. கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். இந்தப் பட்டைகள் மூலைச் சுமையையும் ஓரளவு தாங்கும்படி செய்யப்பட்டவைதான், ஆனால் கையளவுப் பட்டைக்கு மேல் பெரிய தட்டை வைத்தால் அந்தக் கருணை தீர்ந்துவிடும்.

எதையும் தொடவில்லை, இருந்தும் காலையும் மாலையும் பூச்சியம் மாறுகிறது.

வெப்பம் மாறினால் பூச்சியம் நகரும், மலிவான பட்டையில் அதைத் தடுக்க முடியாது. நிறுக்கும் முன் வெற்றுத்தட்டில் பூச்சியமாக்குவதே மருந்து. வெள்ளவத்தையில் கடலோரமாக இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஈரமும் உப்பும். தடைகளை மூடியுள்ள வெள்ளைப் பசை கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே போய் எண் நாள் முழுக்க ஒரே திசையில் ஓடும். மல்டிமீற்றரை மிக உயர்ந்த தடை அளவில் வைத்து, ஏதாவது ஒரு கம்பிக்கும் பட்டையின் உலோகத்துக்கும் இடையே அளந்துபாருங்கள். முடிவிலி காட்ட வேண்டும். எண் ஒன்று காட்டினால் பட்டையை மாற்றுவதுதான் வழி.

சுமை ஏறியபடியே அரை மணி நேரம் விட்டால் எண் மெதுவாக நகர்வதும் உண்டு. உலோகமும் பசையும் தளர்வதால் வருவது அது. 5 கிலோவுக்கு ஓரிரு கிராம் என்றால் பேசாமல் இருங்கள்.

சிலர் பூச்சியத்தை நிரலே தானாகத் துரத்தும்படி எழுதுகிறார்கள்: எண் பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் அதையே புதிய பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். பிறகு தட்டில் ஏலக்காய்த்தூளை மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். கொட்டக் கொட்ட தராசு அதைத் தின்றுவிட்டு 0 என்றே சொல்லும்.

கடைசி இலக்கம் துள்ளுகிறது. தசம இலக்கம் காட்ட முடியாதா?

பெருக்கம் 128இல் HX711 தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் சுமார் 50 நானோவோல்ட். 10 கிலோ பட்டையில் அது கிராமின் எட்டில் ஒரு பங்கு. அது சராசரி அளவுதான்; மிகக் கூடிய அளவீட்டுக்கும் மிகக் குறைந்த அளவீட்டுக்கும் இடையே அரைக் கிராமுக்கு மேலும் வரலாம். இருபது அளவீடுகளின் சராசரி அதை நன்றாக அடக்கும், ஆனால் இரண்டு விநாடி காத்திருக்க வேண்டும். 24 பிட் என்பதைப் பார்த்து மில்லிகிராம் கனவு காண வேண்டாம். ஒரு கிராம் படி நியாயமானது. அதற்குக் கீழே வேண்டுமென்றால் 1 கிலோ பட்டை வாங்குங்கள்.

சிப் விநாடிக்கு 10 அல்லது 80 அளவீடு தரக்கூடியது. பத்திலேயே வையுங்கள். அந்த வேகத்தில்தான் அது நமது 50 ஹேட்ஸ் மின்சார இரைச்சலை வடிகட்டுகிறது. மேசைக்கு மேலே சுழலும் மின்விசிறியையும் நிறுத்திப் பாருங்கள். அகலமான தட்டில் காற்று அழுத்துவது கிராம் கணக்கில் வரும்.

சேர், பட்டையோடு வந்த தாளில் துல்லியமான mV/V இருக்கிறது. கல்லே இல்லாமல் அதை வைத்துக் கணக்கிட்டால் போதாதா?

நூற்றுக்கு ஒரு பங்கு பிழை பரவாயில்லை என்றால் போதும். ஆனால் லோட் செல் உணர்வது விசையை, திணிவை அல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கொழும்பில் புவியீர்ப்பு ஏறத்தாழ 9.781, தரப்படுத்தப்பட்ட மதிப்பு 9.80665. ஆயிரத்துக்கு 2.6 பங்கு குறைவு. அந்த மதிப்பை வைத்துத் திருத்தப்பட்ட தராசு இங்கே 10 கிலோவை 26 கிராம் குறைத்துக் காட்டும். கல்லை இங்கேயே வைத்துத் திருத்தினால் இந்த வித்தியாசம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும், ஏனென்றால் கல்லையும் மாவையும் ஒரே பூமி இழுக்கிறது.

ஈஎஸ்பி32 பலகையோடு இணைக்கலாமா?

இணைக்கலாம். HX711 பலகைக்கு 3.3 வோல்ட் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் DT கம்பியில் 5 வோல்ட் வந்து ஈஎஸ்பி32இன் பின்னைக் கெடுக்கக்கூடும். கிராமுக்கான எண் பெரிதாக மாறாது, காரணம் மேலே இருக்கிறது. ஆனாலும் பெரிய கல்லை ஒரு தடவை வைத்துச் சரிபாருங்கள்.

இந்தத் தராசில் மிளகாய்த்தூள் நிறுத்து விற்கலாமா?

கூடாது. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. கையால் கட்டிய தராசைக் கேக்குக்கு மா நிறுக்கவும், விற்பனைத் தராசு தவறுகிறதா என்று வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.